முதல் கேம் ஸ்டீமுக்குப் போகும்போது: கடைப் பக்கம், ட்ரெய்லர், முதல் வாரம்

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் உங்கள் கேம் தானாக வெளியாகாது. அறிவித்த தேதி வந்தாலும், நேரம் கடந்தாலும், நீங்களே ஸ்டீம்வொர்க்ஸ் என்ற டெவலப்பர் தளத்துக்குள் போய் வெளியிடும் பட்டனை அழுத்த வேண்டும். இது தெரியாமல் என் நண்பர் ஒருவர் அறிவித்த தேதியன்று காலையில் நிம்மதியாக எழுந்து, பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தார். பக்கத்தில் இன்னும் Coming Soon என்றே இருந்தது. கீழே கலந்துரையாடல் பகுதியில் நாலு பேர் "எங்கே?" என்று கேட்டிருந்தார்கள்.

பட்டனை அழுத்துவது ஒரு நொடி வேலை. அந்த நொடியில் என்ன நடக்கும் என்பது மட்டும் ஆறு மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. காரணம் விஷ்லிஸ்ட். வெளிவராத கேமின் பக்கத்தைப் பார்த்துப் பிடித்தவர் "வந்ததும் சொல்லு" என்று குறித்துவைப்பதுதான் அது. நீங்கள் பட்டனை அழுத்தியதும், குறித்துவைத்த எல்லாருக்கும் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்புகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் முதல் சில நாட்களில் வாங்குகிறார்கள். அந்த விற்பனையைப் பார்த்துத்தான், உங்களைத் தெரியாத மற்றவர்களுக்கும் கேமைக் காட்டலாமா என்று ஸ்டீம் தீர்மானிக்கிறது. ஏரியும் மதகும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டு நாள் மதகைத் திறக்கும் நாள். ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பது கடைப் பக்கம் எவ்வளவு காலமாக, எவ்வளவு ஒழுங்காக நின்றிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எல்லாவற்றையும் ஒரே உதாரணத்தில் பார்த்தால் எளிது. ஒரு கேமைக் கற்பனை செய்வோம். பெயர் "கடைசி வண்டி". நடுராத்திரியில் ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை. பஸ் வந்து நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், ஆளுக்கொரு ஆர்டர்: ஒன்று ஸ்ட்ராங், ஒன்று சர்க்கரை இல்லாமல், ஒன்று பால் மட்டும். எதையும் எழுதிவைக்க முடியாது. கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் சரியான கிளாஸ் சரியான கைக்குப் போக வேண்டும். ஒருவரே செய்த பிக்ஸல் ஆர்ட் கேம், விலை ஐந்து டாலருக்குக் கொஞ்சம் கீழே.

முதலில் காகித வேலை

ஒரு கேமுக்கு ஸ்டீம் 100 டாலர் கட்டணம் வாங்குகிறது. கேம் 1,000 டாலர் வருவாயைத் தாண்டினால் அந்தத் தொகை திரும்பி வரும். கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாட்கள் ஆகாமல் வெளியிட முடியாது. Coming Soon பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் நின்றிருக்க வேண்டும். கடைப் பக்கத்தையும், பதிவேற்றிய கேமான பில்டையும் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஆட்கள் தனித்தனியாகச் சரிபார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து வேலை நாட்கள் ஆகலாம். திருத்தச் சொன்னால் மறுபடியும் வரிசை. இரண்டு வாரம் என்பது விதி கேட்கும் குறைந்தபட்சம்தான். ஏரி நிரம்ப அது போதாது.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. வரிப் படிவத்தில் கொடுக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு வங்கியில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். அதைச் சரிசெய்ய வங்கிக்கு நடந்ததில் மூன்று வாரம் போனது. கேம் பாதியில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பக்கத்துக்கு ஆள் எப்படி வருகிறார்

உங்கள் பக்கத்தை நேராக வந்து பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் வேறு எதையோ தேடும்போது, பட்டியலில் பத்துப் பன்னிரண்டு கேம்களுக்கு நடுவே உங்கள் சின்னப் படத்தைப் பார்க்கிறார்கள். ஸ்டீம் இதைக் கேப்ஸ்யூல் என்கிறது. பல அளவுகளில் கேட்பார்கள். பக்கத்தின் தலையில் வருவது 920 × 430 பிக்ஸல், பட்டியல்களில் வரும் சின்னது 462 × 174. நீங்கள் அந்த அளவில் வரைந்து கொடுத்தாலும், தேடல் பட்டியலில் அது தீப்பெட்டி லேபிளை விடச் சின்னதாகத்தான் தெரியும்.

அதனால் சோதனையும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும். உங்கள் கேம் எந்த வகையோ அந்த வகையில் ஸ்டீமில் தேடி, வரும் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். நடுவில் ஒரு படத்தை எடுத்துவிட்டு, அதே அளவில் உங்களுடையதை ஒட்டுங்கள். கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இரண்டு நொடி காட்டிவிட்டு, "இதில் டீக்கடை கேம் எது?" என்று கேளுங்கள். கண் தடுமாறினால் படம் தோற்றுவிட்டது.

"கடைசி வண்டி"க்கு முதல் முயற்சியில் வரக்கூடிய படம் எனக்கு இப்போதே தெரிகிறது. பஸ் ஸ்டாண்ட் முழுக்க விரிந்திருக்கும், நிலா இருக்கும், ஓரத்தில் கடை, தூரத்தில் பஸ். பெரிதாகப் பார்த்தால் அழகு. சின்னதாக்கினால் கருநீலச் சதுரம், அதில் ஒரு மஞ்சள் புள்ளி. இதற்குப் பதிலாக ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கை உயர்த்தி டீ ஆற்றுகிறது, மஞ்சள் விளக்கு, பின்னால் பஸ்ஸின் இரண்டு ஹெட்லைட். பெயர் தடித்த எழுத்தில், படத்தில் பாதி அகலத்துக்கு. தமிழ் எழுத்தில் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ண, ை, ணி போன்றவற்றின் சுழிகள் அந்த அளவில் அடைத்துக்கொண்டு கட்டியாகிவிடும். தமிழும் ஆங்கிலமும் இரண்டு வரியாக எழுதினால் இரண்டுமே படிக்க முடியாது. சின்னப் படத்தில் ஒன்றை மட்டும் விடுங்கள்.

கேப்ஸ்யூலில் "விருது பெற்றது", "10/10", "தள்ளுபடி" என்றெல்லாம் எழுதக் கூடாது. 2022 செப்டம்பரிலிருந்து கேமின் படம், பெயர், அதிகாரப்பூர்வமான துணைத்தலைப்பு தவிர வேறு எழுத்துக்கு அங்கே இடமில்லை. கையில் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு விஷயத்துக்கு வெளி ஆளைப் பிடிக்க முடியும் என்றால், இந்தப் படத்துக்குப் பிடியுங்கள் என்பேன். கேமுக்குள்ளிருக்கும் பிக்ஸல் ஆர்ட்டை நீங்கள் அருமையாக வரைந்திருக்கலாம். ஆனால் அட்டைப்படம் வரைவது வேறு தொழில்.

படத்தைச் சொடுக்கி உள்ளே வந்தவர் அடுத்துப் பார்ப்பது சுருக்க விவரணை. சுமார் 300 எழுத்துக்குறிகள்தான் இடம். முதல் கேம் செய்கிறவர்கள் இங்கே கவிதை எழுதிவிடுகிறார்கள். "இரவும் மனிதர்களும் சந்திக்கும் இடத்தில், நினைவுகளைத் தேடி ஒரு மறக்க முடியாத பயணம்." இதைப் படித்தவருக்கு இது நடக்கும் கேமா, சுடும் கேமா, படிக்கும் கேமா என்று எதுவுமே தெரியாது.

ஒரு நல்ல மாதிரி சொல்கிறேன். 2023-இல் வந்த "வெண்பா", கனடாவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய கேம். அதன் ஸ்டீம் விவரணை தொடங்கும்போதே இது கதை சொல்லும் சமையல் கேம் என்று சொல்லிவிடும். அடுத்து நீங்கள் யார், எந்த நாட்டுக்கு, எந்தக் காலத்தில் என்பது. அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்வீர்கள்: சமைப்பீர்கள், அழிந்துபோன சமையல் குறிப்புகளை மீட்பீர்கள். அன்பு, இழப்பு போன்ற சொற்கள் கடைசியில்தான் வருகின்றன. கேம் முழுக்க உணர்ச்சிதான், ஆனால் விவரணை வினைச்சொற்களில் நிற்கிறது.

நம் உதாரணத்துக்கு அதே வரிசையில் எழுதினால்: "நள்ளிரவு பஸ் ஸ்டாண்டில் டீக்கடை நடத்தும் நினைவாற்றல் கேம். வாடிக்கையாளர் சொன்னதை எழுதிவைக்க முடியாது. மனதில் வைத்து, டீ ஆற்றி, கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் கொடுங்கள். இருபது இரவுகள், ஒவ்வொரு இரவும் ஒரு புதுத் தொல்லை." வகை, இடம், கை செய்யும் வேலை, சிக்கல், அளவு. ஆங்கிலப் பக்கத்துக்கும் இதே சரக்குதான்.

ஸ்க்ரீன்ஷாட் குறைந்தது ஐந்து வேண்டும், 1920 × 1080-இல் எடுப்பது நல்லது. கேமை விளையாடும்போது திரை எப்படி இருக்குமோ அப்படியே, பட்டன்களும் எண்களும் தெரியும்படி எடுங்கள். ஒரு வகைக் கேமை அதிகம் விளையாடுகிறவர்கள் ஓரத்தில் இருக்கும் மீட்டர்களைப் பார்த்தே இது தனக்கான கேமா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் நாலு படங்கள் நாலு வேறு இடமாக, வேறு நிறமாக இருக்கட்டும். கேம் எந்த வகை என்று சொல்லும் டேக் 20 வரை வைக்கலாம். முதலில் வருபவைதான் முக்கியம் என்பதால் "இண்டி" போன்ற பொதுச் சொல்லை அங்கே வீணாக்க வேண்டாம். யாருக்கு அருகில் உங்கள் கேமைக் காட்ட வேண்டும் என்பதை ஸ்டீம் இந்த டேக்குகளிலிருந்துதான் ஊகிக்கிறது.

ட்ரெய்லரின் முதல் பத்து நொடி

ஸ்டீம் பக்கத்தில் ட்ரெய்லர் ஸ்க்ரீன்ஷாட்டுகளுக்கு முன்னால் நிற்கிறது, பக்கம் திறந்ததும் ஓடத் தொடங்குகிறது. பலருக்கு அப்போது ஒலி இருக்காது. போதாததற்கு, உங்கள் ட்ரெய்லரிலிருந்து துண்டுகளை எடுத்து ஆறு நொடி ஊமைப்படம் ஒன்றையும் ஸ்டீம் தானாகவே செய்துகொள்கிறது. கேமின் படத்தின் மேல் மவுஸை வைத்தால் ஓடுவது அதுதான். எந்தத் துண்டை எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியாது. ட்ரெய்லரில் கறுப்புத் திரையும் அதில் மெல்லத் தோன்றும் எழுத்துமாக நிறைய வைத்திருந்தால், அந்த ஆறு நொடியிலும் கறுப்புத் திரையே வந்து உட்காரும்.

சினிமாப் பழக்கத்தில் நமக்கு முதலில் நிறுவனத்தின் லோகோ, அப்புறம் மங்கலான வானம், அப்புறம் ஒரு குரல் என்று வைக்கத் தோன்றும். தியேட்டரில் உட்கார்ந்தவன் எழுந்து போக மாட்டான். இங்கே பார்ப்பவரின் விரல் மவுஸில் இருக்கிறது.

"கடைசி வண்டி"க்கு நான் வெட்டினால் இப்படித்தான் வெட்டுவேன். முதல் மூன்று நொடி: மூன்று பேர் ஒரே நேரத்தில் கவுண்டருக்கு வருகிறார்கள், தலைக்கு மேல் ஆர்டர் ஒரு கணம் தோன்றி மறைகிறது. அடுத்த மூன்று நொடி: டீ ஆற்றுகிறோம், மூலையில் விசில் மீட்டர் குறைகிறது. அடுத்து: சர்க்கரை இல்லாத டீயைத் தவறான ஆளிடம் நீட்டுகிறோம், அவர் முகம் சுளிக்கிறார், பின்னால் பஸ் நகர்ந்துவிடுகிறது. பத்தாவது நொடிக்குள் விதி என்ன, எப்படித் தோற்போம் என்பது ஒரு சொல் இல்லாமலேயே புரிந்துவிட்டது. பெயர் அப்புறம் வந்தால் போதும்.

அதற்குப் பிறகு அரை நிமிடம் ஏறுமுகம். மூன்று பேர் எட்டுப் பேர் ஆகிறார்கள், மழை வருகிறது, கரண்ட் போகிறது, இருட்டில் யார் எங்கே நின்றார்கள் என்று நினைவு வைத்து நீட்ட வேண்டியிருக்கிறது. இதில் எந்தக் காட்சியும் முந்தைய காட்சியைத் திரும்பச் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றும் "அட, இதுவும் உண்டா" என்று ஒரு புது விஷயத்தைத் தர வேண்டும். புதிது தீர்ந்ததும் ட்ரெய்லரை முடித்துவிடுங்கள். முதல் கேமுக்கு ஒரு நிமிடம் தாராளம், ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் எதையோ வெட்ட மனசு வரவில்லை என்று பொருள்.

படம் பிடிப்பதற்கு, திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருள் போதும். 1920 × 1080, 60 ஃபிரேம். ஆனால் பதிவு செய்வதற்கு முன் கேமுக்குள்ளேயே சின்ன வசதி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்: ஒரு விசையை அழுத்தினால் பன்னிரண்டாம் இரவு, மழை, எட்டு வாடிக்கையாளர் என்று நேரே போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் நாலு நொடிக் காட்சிக்காக முக்கால் மணி நேரம் விளையாடுவீர்கள், அதிலும் மவுஸ் குறி நடுவில் தெரிந்து தொலைக்கும்.

இரவுக் கேம்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வீடியோவைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டுப் பகுதிகள்தான். உங்கள் மானிட்டரில் மென்மையாக மங்கும் கருநீல வானம், இணையத்தில் பட்டைப் பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் தெரியும். ட்ரெய்லருக்காக மட்டும் கேமின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பதிவு செய்யுங்கள், ஏற்றுமதியின்போது பிட்ரேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். சரியாக வந்ததா என்று பார்க்க, பதிவேற்றிய வீடியோவை மத்தியானம் ஜன்னலோரம் நின்று, ஒலியை அணைத்து, போனில் பாருங்கள். யார் கை, எது கிளாஸ் என்று அப்போதும் தெரிந்தால் பிழைத்தீர்கள்.

கடைசி நொடிகளில் வரும் தேதி அட்டையைத் தனித் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போகும். கேம் வெளிவந்து ஓராண்டு கழித்தும் "விரைவில்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ட்ரெய்லர்கள் ஸ்டீமில் நிறைய இருக்கின்றன.

தேதி குறிப்பது

பக்கத்தை ஜனவரியில் திறந்தோம் என்று வைப்போம். ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் ஒரு வாரம் டெமோத் திருவிழா நடக்கும். வெளிவராத கேம்களுக்கு மட்டும், அதுவும் ஒரு கேமுக்கு ஒரே முறைதான் அனுமதி. அதனால் பிப்ரவரியில் அவசரப்பட்டு நுழைய வேண்டாம். டெமோவை ஏப்ரலிலேயே வெளியிட்டு, பிழைகளைச் சரிசெய்து, ஜூனில் நுழைந்தால் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பு ஏரி நிரம்பும்.

வெளியீட்டை ஜூலையின் மூன்றாம் செவ்வாய்க்கு வைப்போம். ஜூன் கடைசியில் தொடங்கும் கோடைத் தள்ளுபடியின் நெரிசல் அப்போது அடங்கியிருக்கும். பெரிய தள்ளுபடி நாட்களை வால்வ் முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் பார்த்துக் குறிக்கலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம். சனி, ஞாயிறில் ஏதாவது உடைந்தால் சரிசெய்யும் நீங்களும் களைத்திருப்பீர்கள், வால்வில் கேட்டால் பதில் சொல்லவும் ஆள் குறைவு. தேதிக்கு இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் அதை நீங்களாக மாற்ற முடியாது, வால்விடம்தான் கேட்க வேண்டும்.

வெளியீடு நெருங்கும்போது ஸ்டீமின் முகப்பில் Popular Upcoming என்ற பட்டியலில் இடம் கிடைத்தால் அது பெரிய வரவு. பட்டியல் தேதி வரிசையில் நகர்வதால் கடைசி நாட்களில்தான் உங்கள் முறை வரும். எத்தனை விஷ்லிஸ்ட் இருந்தால் நுழையலாம் என்று வால்வ் சொல்வதில்லை. ஐந்தாயிரம், ஏழாயிரம் என்று டெவலப்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எண்கள் அனுபவக் கணக்குதான். ஜூன் முடிவில் கையில் ஐந்நூறுதான் இருக்கிறது என்றால், தேதியை அப்போதே தள்ளிவைப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்த வாரம்

முதல் வெளியீட்டில் மிக மோசமான விபத்து ஒன்று உண்டு. வாங்கியவருக்கு ஒன்றுமே இறங்காது. ஸ்டீமில் கேம் கோப்புகள் டிப்போ என்ற பெட்டிகளில் இருக்கும். எந்தப் பெட்டி யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பேக்கேஜ் தீர்மானிக்கும். டெவலப்பர் கணக்குக்கு என்று தனிப் பேக்கேஜ் இருப்பதால் உங்கள் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். விற்பனைப் பேக்கேஜில் டிப்போவைச் சேர்க்க மறந்திருந்தால் வாங்குபவருக்குக் காலிக் கோப்புறைதான் கிடைக்கும். ஒரு வாரம் முன்பே, உங்கள் கேமை இதற்கு முன் நிறுவியிராத ஒரு கணினியில், நண்பரின் சாதாரணக் கணக்கில், கேமைத் திறக்கும் குறியீடான சோதனை விசை ஒன்றைக் கொடுத்து நிறுவிப் பாருங்கள். அந்த விசை விற்பனைப் பேக்கேஜில் இருக்கும் அதே டிப்போக்களைத்தான் தருகிறதா என்பதையும் ஸ்டீம்வொர்க்ஸில் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். VCRUNTIME140.dll இல்லை என்று செய்தி வந்தால், ஸ்டீம்வொர்க்ஸில் நிறுவல் அமைப்புகளுக்குப் போய் விஷுவல் சி++ தொகுப்பை டிக் செய்ய மறந்திருக்கிறீர்கள்.

அடுத்து நேரம். பலர் பசிபிக் நேரம் காலை பத்துக்கு வெளியிடுகிறார்கள். கோடையில் அது நமக்கு இரவு பத்தரை. அதன் பிறகு முதல் பிழை அறிக்கைகள் வரும்போது நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள், அல்லது தூங்காமல் தப்பான கோப்பைப் பதிவேற்றிக்கொண்டிருப்பீர்கள். மாலை ஏழரைக்கு அழுத்தினால் ஐரோப்பாவில் மதியம் தாண்டியிருக்கும், நியூயார்க்கில் காலை பத்து. உங்களுக்கும் தெளிவாக நாலைந்து மணி நேரம் கிடைக்கும். எனக்கு இதுதான் சரிப்பட்டது.

முதல் இரவில் பிழை வரும். வராமல் இருக்காது. "ஓடவில்லை" என்று மட்டும் எழுதுபவரிடம் லாக் கோப்பைக் கேளுங்கள். யூனிட்டியில் செய்திருந்தால் அது இருக்கும் இடத்தைக் கலந்துரையாடல் பகுதியில் முதலிலேயே ஒட்டிவையுங்கள்:

```
%USERPROFILE%\AppData\LocalLow\CompanyName\ProductName\Player.log
```

சி ஷார்ப்பில் எழுதுகிறவர்களை முதல் வாரத்தில் கடிக்கும் பிழை ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜெர்மனி, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து மட்டும் "டீ ஊற்றினால் கிளாஸ் வெடித்து நிரம்பிவிடுகிறது" என்று புகார் வரும். நம் கணினியில் எவ்வளவு முயன்றாலும் வராது. அந்த நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் கமா. உங்கள் கோப்பில் இருக்கும் 0.5 என்பதை அவர்களின் விண்டோஸ் 5 என்று படித்துவிடலாம். எண்ணைப் படிக்கும் இடத்தில் இப்படி எழுதினால் தீரும்:

```csharp
float x = float.Parse(s, System.Globalization.CultureInfo.InvariantCulture);
```

வெளியீட்டுக்கு முன் உங்கள் விண்டோஸின் வட்டார அமைப்பை ஜெர்மனுக்கு மாற்றி ஒரு முறை கேமை முழுதாக ஓட்டினாலே இது மாட்டிக்கொள்ளும். திருத்திய பில்டை நேராக எல்லாருக்கும் தள்ளாமல், முதலில் தனி பீட்டா கிளையில் போட்டு, புகார் சொன்னவரையே சோதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து கண் ரிவ்யூ பக்கம் போகும். பத்து ரிவ்யூ சேரும்வரை ஸ்டீம் மதிப்பெண்ணைக் காட்டாது. இலவச விசை கொடுத்து எழுதவைத்தவை அந்தக் கணக்கில் சேராது, ஸ்டீமில் வாங்கியவர்களுடையது மட்டும்தான் சேரும். சித்தப்பா மகனையும் ஆபீஸ் நண்பர்களையும் கணக்குத் திறக்கச் சொல்லி எழுதவைப்பது விதிக்குப் புறம்பு, மாட்டினால் கேமே போய்விடும். டெமோ விளையாடிப் பேசியவர்களிடம் "வாங்கியிருந்தால் நினைத்ததை எழுதுங்கள்" என்று கேட்பதில் தப்பில்லை. பதிலுக்கு எதையும் தருவதாக மட்டும் சொல்லக் கூடாது.

இதே நாட்களில் மின்னஞ்சல் பெட்டி நிறைய "எனக்கு ஒரு லட்சம் சந்தாதாரர், ஐந்து விசை அனுப்புங்கள்" என்று வரும். பெரும்பாலானவை விசையை விற்றுவிடும் கூட்டம். அந்தச் சேனலின் பக்கத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் முகவரியும் உங்களுக்கு எழுதிய முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருக்கும்.

ரீஃபண்டைப் பார்த்துப் பதற வேண்டாம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் யாரும் திருப்பித் தரலாம். எண்ணிக்கையை விட, அவர்கள் எழுதிவிட்டுப் போகும் காரணங்களைப் படியுங்கள். "ஓடவில்லை" என்றால் அது பிழை. "நான் நினைத்தது இது இல்லை" என்று பலர் எழுதினால் கேமில் குறையில்லை, ட்ரெய்லர் வேறு எதையோ விற்றிருக்கிறது. ட்ரெய்லரில் இருபது நொடி வந்த கரண்ட் கட் காட்சி, கேமில் ஒன்பதாம் இரவில்தான் முதல்முறை வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இரண்டில் ஒன்றை நகர்த்த வேண்டும்.

தள்ளுபடி விஷயம் முன்பே முடித்திருக்க வேண்டியது. வெளியீட்டுத் தள்ளுபடியை ஏழு முதல் பதினாலு நாள் வரை வைக்கலாம், ஆனால் பட்டனை அழுத்துவதற்கு முன் பதிவு செய்ய வேண்டும். பத்து சதவீதம் வழக்கமானது. "கடைசி வண்டி"க்கு ஏழு நாள் வைத்தால் ஜூலை நாலாம் செவ்வாயன்று அது முடியும். அதிலிருந்து 30 நாட்களுக்கு வேறு தள்ளுபடி கொடுக்க ஸ்டீம் விடாது. ஆகஸ்ட் கடைசியில் கதவு திறக்கும்போது 15 சதவீதம் கொடுத்து அதை வீணாக்க வேண்டாம். 20 சதவீதமோ அதற்கு மேலோ கொடுத்தால்தான், குறித்துவைத்து இன்னும் வாங்காமல் இருப்பவர்களுக்கு ஸ்டீம் மறுபடியும் மின்னஞ்சல் அனுப்பும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.